பிள்ளையின் படிப்பு மேசையை நகர்த்தும் முன் ஆறு போட்டோ எடுத்துப் பாருங்கள்

என் மகள் எழுதும்போது தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே எழுதுவாள். "நேரா உட்காரு"ன்னு சொன்னால் ஒரு நிமிடம் நேராக இருப்பாள், அப்புறம் பழையபடி சாய்ந்துவிடுவாள். நாற்காலிதான் சரியில்லை என்று முடிவு கட்டி, புதிது வாங்கக் கிளம்பியும் விட்டேன். அதற்கு முன் பகலிலும் இரவிலும் எடுத்த போட்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. பகல் போட்டோவில் சாய்ந்திருந்த தலை இரவு போட்டோவில் சாயவில்லை. நாற்காலி இரண்டு நேரமும் அதேதான்.

நான் பிடித்துக்கொண்ட விதி இதுதான்: பகல், இரவு இரண்டிலும் மாறாத கோளாறு பெரும்பாலும் மேசை, நாற்காலியால் வருவது. நேரத்துக்கு நேரம் மாறும் கோளாறுக்கு முதலில் வெளிச்சத்தைச் சந்தேகப்படுங்கள்.

முதலில், எடுக்கும் விதம்

பகலில் மூன்று, இரவில் மூன்று. பிள்ளை வழக்கமாக எழுதும் நேரத்திலேயே எடுங்கள்.

ஒன்று, நேர் பக்கவாட்டில். போன் பிள்ளையின் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், ஜூம் 1x-இல் இருக்கட்டும். கிட்டே நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரங்கள் இழுபட்டு, நேரான முதுகும் வளைந்தது போலத் தெரியும்.

இரண்டாவது, நேர் பின்னாலிருந்து. தலை சாய்வதும், ஒரு தோள் உயர்வதும் இதில்தான் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் அது அகப்படாது.

மூன்றாவது, தோளுக்கு மேலிருந்து நோட்டைப் பார்த்தபடி. வலது கையால் எழுதும் பிள்ளைக்கு இடது தோள் பக்கமாக எடுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே நோட்டில் விழுந்துவிடும். ஒதுங்கி நின்று கையை மட்டும் நீட்டி எடுங்கள்.

முதல் இரண்டுக்கும் நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். இரவிலும், மாற்றிய பிறகும் அதே தூரத்தில் நின்றால்தான் ஒப்பிட முடியும். பிள்ளை உட்கார்ந்த உடனே எடுக்க வேண்டாம். போனைப் பார்த்ததும் யாராக இருந்தாலும் நிமிர்ந்துவிடுவார்கள். பதினைந்து நிமிடம் எழுதிய பிறகு உடம்பு தானாக எந்த நிலைக்குப் போகிறதோ, அதுதான் நமக்கு வேண்டும்.

வெளிச்சம்: போன் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள்

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே படத்தை வெளுப்பாக்கிவிடும். அதனால் இரவுப் படம் பகல் படத்தைப் போலவே பளிச்சென்று இருக்கும், "வெளிச்சம் போதும்" என்று நாமும் நினைத்துக்கொள்வோம். ஃப்ளாஷ், நைட் மோடு இரண்டையும் அணைத்தாலும் இந்தச் சிக்கல் முழுதாகப் போகாது. ஆகவே ஒரு படத்தின் பிரகாசத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிடாதீர்கள். ஒரே படத்துக்குள் ஒப்பிடுங்கள்.

எப்படி என்றால், இரண்டு வெள்ளைத் தாள் எடுத்து, ஒன்றைப் பிள்ளை எழுதும் இடத்திலும் மற்றதை மேசையின் ஓரத்திலும் வைத்து, மூன்றாவது படத்தை எடுங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரிய வேண்டும். எழுதும் இடத்துத் தாள் சாம்பலாகத் தெரிந்தால் அங்கே ஏதோ நிழல் விழுகிறது. அது எதன் நிழல் என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எங்கள் பகல் படத்தில் பென்சில் முனையைச் சுற்றி அடர்த்தியான நிழல், அவளுடைய கையின் நிழல். ஜன்னல் வலப்பக்கம், அவள் எழுதுவதும் வலது கையால். வெளிச்சத்தைக் கை மறித்து, எழுதும் எழுத்தின் மீதே நிழலைப் போட்டது. முனையைப் பார்க்கத்தான் தலையை இடப்பக்கம் கொண்டுபோயிருக்கிறாள். படத்தைக் காட்டினேன். "என் கைதாம்மா மறைக்குது" என்றாள். இத்தனை நாள் நான் "நேரா உட்காரு" என்று மட்டுமே சொல்லியிருக்கிறேன், ஏன் சாய்கிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இரவுப் படத்தில் நிழல் வேறு. கூரை விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவள் தலையின் நிழல் நோட்டின் பாதியை மூடியிருந்தது. அதனால் தலை சாயாமல், முன்னால் குனிந்திருந்தது.

உட்காரும் விதம்: இரண்டு படத்திலும் எது மாறவில்லை?

பக்கவாட்டுப் படங்களைத் திறந்து, போனிலேயே படத்தின் மீது கோடு போடும் வசதியில் மேசைப் பரப்பின் மட்டத்துக்கு ஒரு கிடைக்கோடு போடுங்கள். முழங்கை அந்தக் கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. எங்கள் இரண்டு படத்திலும் முழங்கை நான்கு விரல் அளவு கீழே இருந்தது, கையை மேசை மேல் வைக்கத் தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. பாதங்களும் தரையைத் தொடவில்லை. இது வெளிச்சத்தால் வந்ததல்ல, உயரக் கோளாறு.

சரிசெய்யும்போது முழங்கையிலிருந்து தொடங்குங்கள். இருக்கையில் அழுந்தாத கெட்டியான விரிப்பை மடித்துப் போட்டு நான்கு விரல் உயர்த்தினோம். கால் இன்னும் தொங்கியது, அதற்குக் கீழே ஒரு பலகை வைத்தோம். காலுக்காக நாற்காலியைத் தாழ்த்தியிருந்தால் தோள் இன்னும் ஏறியிருக்கும்.

நல்ல வெளிச்சத்திலும், உயரம் சரியான பிறகும், எல்லாப் படத்திலும் தலை ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலோ, முகம் நோட்டோடு ஒட்டியிருந்தாலோ, அதற்கு மேல் மேசையை மாற்றிக்கொண்டிருக்காமல் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சாமான்கள்: எண்ணிக்கையைவிட இடம் முக்கியம்

மேசை நிறையப் பொருள் இருப்பதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. பார்க்க வேண்டியது, முன்கை முழுவதும் மேசை மேல் படிகிறதா என்பதுதான். எங்கள் படத்தில் புத்தக அடுக்கு மேசையின் பின்பாதியில் இருந்தது. அது நோட்டை விளிம்புக்குத் தள்ளியதால் முழங்கை வெளியே தொங்கியது. அடுக்கைப் பக்கத்து அலமாரிக்கு மாற்றியதும் நோட்டு உள்ளே போனது. ஓரத்தில் இருந்த கலர் பென்சில் டப்பா யாருக்கும் இடைஞ்சலாக இல்லை, அதனால் அங்கேயே விட்டுவிட்டோம்.

மாற்றுவதும் மறுபடி எடுப்பதும்

உயரமும் அடுக்கும் சரியான பிறகு, மேசையை எதிர்ச்சுவருக்குத் திருப்பினோம். ஜன்னல் இடப்பக்கம் வந்தது. இடது கையால் எழுதும் பிள்ளையாக இருந்தால் ஜன்னல் வலப்பக்கமே இருப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி ஆறு போட்டோ. பகலில் தலை நேராக இருந்தது. இரவுக்கு வாங்கிய மேசை விளக்கு மட்டும் காலை வாரிவிட்டது. பிளக் பாயின்ட் வலப்பக்கம் என்பதால் விளக்கையும் அங்கேயே வைத்திருந்தேன், பின்னாலிருந்து எடுத்த இரவுப் படத்தில் தலை மறுபடி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எக்ஸ்டென்ஷன் கம்பியைச் சுவரோரமாகக் கொண்டுபோய் விளக்கை இடது முன்மூலையில் வைத்தோம். பல்பு அவள் கண்ணில் நேராகப் படாதபடி விளக்கின் கழுத்தைத் தாழ்த்தினேன். மறுநாள் இரவு எடுத்த படத்தில் பென்சிலின் நிழல் எழுத்தை விட்டு விலகி வலப்பக்கம் விழுந்திருந்தது.