கூரியர் சர்வர் படுத்தாலும் ஆர்டர் தொலையாமல் இருக்க

கொடைக்கானல் மலைப்பூண்டை ஆன்லைனில் விற்கிறோம். ஆர்டர் வந்ததும் கூரியர் புக்கிங் தானாகப் போகும்படி வைத்திருந்தோம், ஒரு நாள் கூரியர் சர்வர் 503 என்று திருப்பியடித்ததில் மூன்று ஆர்டர் சுவடே இல்லாமல் போய், "பூண்டு எங்கேங்க?" என்று வாடிக்கையாளர் போன் போட்ட பிறகுதான் தெரிந்தது.

இப்போதெல்லாம் ஆர்டரை முதலில் டேபிளில் `pending` என்று எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை. தனியாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் அதை எடுத்து கூரியருக்கு அனுப்பும், தோற்றால் 1 நிமிடம், 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி நேரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்ப முயலும். அதற்கும் போகவில்லையென்றால் `failed` போட்டு என் போனுக்குத் தகவல். 400 வந்தால் மட்டும் காத்திருப்பதில்லை, பின்கோடு மாதிரி ஏதோ தப்பு, நூறு தடவை அனுப்பினாலும் அதே பதில்தான்.

டைம் அவுட்தான் வில்லங்கம். பதில் வராவிட்டாலும் அங்கே புக்கிங் ஆகியிருக்கலாம், மறுபடி அனுப்பினால் ஒரே பூண்டுக்கு இரண்டு பார்சல். அதனால் ஒவ்வொரு முயற்சியிலும் அதே ஆர்டர் எண்ணை `Idempotency-Key` ஹெடராகச் சேர்த்து அனுப்புங்கள், அதே எண் திரும்ப வந்தால் கூரியர் சர்வர் புதிதாகப் புக்கிங் போடாமல் பழைய பதிலையே தரும். கூரியரிடம் அந்த வசதி இல்லையென்றால், அந்த எண்ணில் ஏற்கெனவே புக்கிங் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.