பழைய கைப்பேசி பூட்டும் கணக்கு

கடவுச்சொல்லை மாற்றிய பிறகு அலுவலகக் கணக்கு அடிக்கடி பூட்டிக்கொள்கிறதா? ஐடி பிரிவு திறந்துவிட்டாலும் சற்று நேரத்தில் மறுபடி பூட்டினால், பழைய கைப்பேசியைத் தேடுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை செய்யும் என் தோழிக்கு இப்படித்தான் ஆனது. பிள்ளை காணொளி பார்க்கக் கொடுத்த கைப்பேசியில் அலுவலக மின்னஞ்சல் இன்னும் இருந்தது. அது பழைய கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அனுப்பியது. வீட்டில் இருக்கும்போதும் பூட்டினால் பெரும்பாலும் மின்னஞ்சல்தான் காரணம். அலுவலகத்தில் மட்டும் என்றால் வைஃபையில் சேமித்த கடவுச்சொல்லாக இருக்கலாம்.

முதலில் அந்தக் கைப்பேசியை அணைத்துவிடுங்கள், அப்புறம் கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். பூட்டாமல் இருந்தால் காரணம் அதுவேதான். பிறகு அதிலிருந்து மின்னஞ்சல் கணக்கை நீக்கி, அலுவலக வைஃபைக்கு Forget கொடுங்கள். அப்படியும் பூட்டினால், அலுவலகக் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் பதிவில் 4740 என்ற நிகழ்வைப் பார்க்கும்படி ஐடி பிரிவிடம் கேளுங்கள். தவறான கடவுச்சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதில் துப்பு கிடைக்கும்.