சீனப் புத்தாண்டுக் கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

‘டிசம்பரில் சூரியன் தெற்கு எல்லையைத் தொட்டுத் திரும்பிய பிறகு வரும் இரண்டாவது அமாவாசைதான் சீனப் புத்தாண்டு’ என்று பலரும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான வருடங்களில் விடை சரியாகவே வரும். அதனால்தான் அதிலுள்ள ஓட்டை கண்ணில் படுவதில்லை.

உண்மையான விதி வேறு. அந்தத் திருப்பம் நிகழும் நாள் எந்தச் சந்திர மாதத்துக்குள் இருக்கிறதோ, அதுதான் பதினோராம் மாதம். அடுத்தது பன்னிரண்டாவது, அதற்கடுத்தது முதல் மாதம். சூரியனும் சந்திரனும் சேரும் கணம் பெய்ஜிங் நேரப்படி எந்தத் தேதியில் வருகிறதோ, அந்தத் தேதி முழுவதுமே மாதத்தின் முதல் நாள். மணி எதுவானாலும் கவலையில்லை.

1984 டிசம்பர் 22-ஐப் பாருங்கள். பெய்ஜிங்கில் நள்ளிரவு தாண்டி 12.23-க்குச் சூரியன் திரும்பியது. அமாவாசைக் கணமோ அன்று மாலை 7.47-க்குத்தான். மணியைப் பார்த்து எண்ணினால் இதுவே முதல் அமாவாசை, 1985 ஜனவரி 21 இரண்டாவது. ஆனால் தேதிப்படி சூரியன் திரும்பியதும் அமாவாசையும் ஒரே நாள். ஆகவே பதினோராம் மாதம் அன்றுதான் பிறந்தது. புத்தாண்டு பிப்ரவரி 20-க்குப் போனது.

இதில் வேடிக்கை, வியட்நாமும் இதே விதியைத்தான் வைத்திருக்கிறது. அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். அவர்களுக்குச் சூரியன் திரும்பியது 21-ஆம் தேதி இரவு 11.23-க்கு, அதாவது முந்தைய மாதத்தில். எனவே அந்த வருடம் அவர்கள் ஜனவரி 21-லேயே புத்தாண்டு கொண்டாடினார்கள். ஒரு மணி நேரம் ஒரு மாதமாகிவிட்டது! எந்த ஊர் நேரம் என்று பார்க்காமல் கணக்குப் போடுவது அவ்வளவு பெரிய தவறு.

நம் காலண்டரில் ‘அமாவாசை’ என்று போட்ட தேதியை அப்படியே எடுத்துக்கொள்வதும் சரிவராது. 2026-இல் தை அமாவாசை ஜனவரி 18. சீன மாதம் பிறந்தது 19-இல். திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் அமாவாசைத் திதி முடியும் நேரத்தைப் பாருங்கள், சேர்க்கைக் கணம் அதுதான். அதோடு இரண்டரை மணி கூட்டினால் பெய்ஜிங் நேரம் வந்துவிடும்.

அப்புறம், சில வருடங்களில் பன்னிரண்டுக்கு மேல் கூடுதலாகச் சேரும் அதிக மாதம். அது பெரும்பாலும் வருடத்தின் நடுவில் வருவதால் புத்தாண்டுக் கணக்கைத் தொடாது. 2033 அப்படியல்ல. பதினோராம் மாதத்துக்குப் பின்னாலேயே, டிசம்பர் 22-இல் இன்னொரு பதினோராம் மாதம் தொடங்குகிறது. ஆக, அடுத்த புத்தாண்டு மூன்றாவது அமாவாசையில், 2034 பிப்ரவரி 19-இல். பழைய சீனப் பஞ்சாங்கங்கள் சிலவே அந்த அதிக மாதத்தை ஏழாம் மாதத்துக்குப் பின்னால் போட்டு அச்சடித்துவிட்டு, பிறகு திருத்திக்கொண்டன.