ஒரே ஸ்லைடில் ரோட்மேப்: அழகு பார்க்கப் போய்த் தேதியைக் கெடுக்கும் தவறுகள்

ரோட்மேப் ஸ்லைடில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, அழகுக்காகச் செய்யப்படுவது. மைல்கற்களைக் கோட்டின்மேல் வைத்தபின் இடைவெளி ஒழுங்காக இல்லையே என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பவர்பாயிண்டில் Distribute Horizontally அழுத்திவிடுகிறார்கள். படம் நேர்த்தியாகிவிடும், தேதிகள் பொய்யாகிவிடும்.

பழைய கணக்கு மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறும் 26 வாரத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6ஆம் வாரம் மென்பொருள் தேர்வு, 8இல் ஒப்பந்தம், 20இல் தரவு மாற்றம், 26இல் பழையதை நிறுத்துவது. அந்தப் பொத்தானை அழுத்தினால் முதலும் கடைசியும் அசையாது. நடுவில் இருக்கும் ஒப்பந்தம் ஏறக்குறைய 13ஆம் வாரத்துக்கு நகர்ந்துவிடும். ஒரு மாதத்துக்கும் மேலான அவகாசம் இருப்பதாகப் படம் காட்டும்.

அதனால் முதலில் அளவுகோலைப் போடுங்கள். அகலத் திரை ஸ்லைடின் அகலம் 33.87 செ.மீ. இடப்பக்கம் 6 செ.மீ. பெயர்களுக்கு விட்டு, அங்கிருந்து 26 செ.மீ. கோடு இழுத்தால் வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர். 8ஆம் வார முடிவு, ஸ்லைடின் இடது ஓரத்திலிருந்து 14 செ.மீ. ஆனால் Horizontal position பெட்டியில் 14 என்று போட்டுவிடாதீர்கள். அது வடிவத்தின் இடது விளிம்புக்கான எண். மைல்கல்லைக் காட்டும் வைரக்குறி 0.6 செ.மீ. அகலம் என்றால் அதில் பாதியைக் கழித்து 13.7 போட வேண்டும்.

தேர்வுக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே 2 செ.மீ.தான் இருப்பதால் எழுத்துகள் மோதும். உடனே எழுத்தளவை 8க்குக் குறைப்பார்கள். பின்வரிசையில் இருப்பவருக்கு அது வெறும் கோடு. ஒரு விளக்கத்தைக் கோட்டுக்கு மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்தால் போதும். 26ஆம் வாரத்துக்கான வரியைக் குறிக்கு இடப்பக்கமாக எழுதுங்கள், வலப்பக்கம் இடமில்லை.

மேலே நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். ‘தரவு மாற்றம்’ மைல்கல் அல்ல, பல வாரம் நீளும் வேலை. அதைப் பட்டையாக வரைய வேண்டும். மைல்கல் என்றால் அந்தத் தேதியில் ‘ஆச்சா, இல்லையா’ என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வர வேண்டும். ‘மாற்றிய தரவுக்கு நிதிப்பிரிவு ஒப்புதல் தந்தது’ என்பது அப்படிப்பட்டது.

பொறுப்பாளர் இடத்தில் ‘நிதி, ஐ.டி.’ என்று எழுதினால், தாமதமாகும் நாளில் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஓர் ஆளின் பெயர் மட்டும் இருக்கட்டும். உதவுபவர்கள் ஸ்லைடில் வேண்டாம். வரிசையின் தலைப்புக்கு அடியில் அந்தப் பெயரை ஒருமுறை எழுதிவிட்டு, வேறொருவர் பொறுப்பேற்கும் மைல்கல்லுக்கு மட்டும் குறியருகே தனியாக எழுதினால் இடம் மிச்சமாகும். ஆளுக்கொரு நிறம் கொடுப்பது கறுப்புவெள்ளையில் அச்சிட்டதும் பயனற்றுப்போகும்.

இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. 52 வாரத் திட்டத்தில் வாரத்துக்கு அரை சென்டிமீட்டர்தான் கிடைக்கும். ஒரே வரிசையில் அடுத்தடுத்த வாரங்களில் வரும் வைரக்குறிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அப்போது முதல் ஆறு மாதத்தை மட்டும் இப்படி வரைந்து, மீதியை மாதப் பெயரோடு கூடிய ஒரு சிறு பட்டியலாக ஓரத்தில் வைப்பேன்.