‘சேத்தாச்சு’ என்று அனுப்புவதற்கு முன்

கல்லும் காலும் மாறிப்போனால் வாசிப்பவர் மனதுக்குள் திருத்திக்கொள்வார். பிழையான சொல்லும் அந்த இடத்தில் பொருந்திவிட்டால்தான் ஆபத்து. வாட்ஸ்அப்பில் புதிதாகத் தமிழில் எழுதப் பழகுபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இது.

சேத்து, செத்து

வெள்ளவத்தையிலிருந்து கனடாவில் இருக்கும் அண்ணனுக்குத் தம்பி எழுதுகிறார்: “அப்பாவ ஆஸ்பத்திரியில சேத்தாச்சு.” இரட்டைக்கொம்பு ஒற்றைக்கொம்பாகிவிட்டால் அது “செத்தாச்சு”. இங்கே காலை என்றால் அங்கே இரவு. தூக்கத்தில் எழும்பிப் பார்ப்பவர் ‘அப்பாவ’ என்பதில் வேற்றுமை உருபு இருக்கிறதே, வசனம் பொருந்தவில்லையே என்று யோசிக்கமாட்டார். ஆஸ்பத்திரி என்ற சொல்லே மற்றதை நம்பவைத்துவிடும். ஒரு நிமிடத்தில் திருத்தி அனுப்பினாலும், அதற்குள் செய்தி நாலு வீட்டுக்குப் போயிருக்கும்.

இதற்குக் கொம்பை மட்டும் குறை சொல்ல முடியாது. சொல் உண்மையில் ‘சேர்த்து’. பேசும்போது ‘ர்’ விழுந்துவிடும். பேசுகிறபடியே எழுதினால் அந்தக் கொம்பு ஒன்றுதான் காவல். ‘ர்’ஐப் போட்டு எழுதுங்கள். கொம்பு தவறினாலும் ‘செர்த்தாச்சு’ என்றுதான் வரும்; அப்படி ஒரு சொல் இல்லாததால் எழுத்துப்பிழை என்று உடனே தெரியும். மற்றதெல்லாம் பேச்சுத்தமிழாகவே இருக்கட்டும், இந்த ஒரு ‘ர்’ஐ மட்டும் விடாதீர்கள்.

எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோட்டை நம்பவேண்டாம். ‘செத்து’ சரியான சொல் என்பதால் அதன் கீழே கோடு வராது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குபவர்களுக்கு ‘e’ ஒன்றே எகரமாகவும் ஏகாரமாகவும் வரக்கூடும். போன் முதலில் காட்டும் சொல்லை அப்படியே தொடாமல், கொம்பைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

பாத்து, பத்து

இங்கேயும் விழுந்தது ‘ர்’தான். “மழை, பாத்து வாங்கோ” என்பதில் கால் விடுபட்டால் “பத்து வாங்கோ”. கடைக்குப் போனவர் எதையோ பத்து வாங்கச் சொல்கிறார்கள் என்று நினைப்பார். ‘பார்த்து’ என்று எழுதினால் தீர்ந்தது.

கேட்ட, கெட்ட

இதில் துணைக்கு ‘ர்’ இல்லை. “கேட்ட மீன் வந்திருக்கு” என்று வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடைக்காரர் ‘கெட்ட மீன்’ என்று அனுப்பிவிட்டால் வியாபாரம் போச்சு. ‘நீங்கள் சொன்ன மீன்’ என்று சொல்லையே மாற்றிவிடுவது நல்லது.

மூட்டை, முட்டை

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்கு ஓடர் கொடுக்கும்போது ‘2 மூட்டை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘அரிசி, 25 கிலோ மூட்டை, 2’ என்று எழுதுங்கள்.