கத்திரி வெயிலில் தண்ணீர் குடித்தும் கால் இழுத்தால்

கான்கிரீட் போடும் நாளில் மேஸ்திரி ஒருவர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருப்பார். ஆனாலும் மாலையில் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். வியர்வையோடு உப்பும் போய்விட்டது, வெறும் தண்ணீர் அதை ஈடுகட்டாது என்பதே காரணம். சட்டை முதுகில் வெள்ளைப் படலம் பூத்திருந்தால் அது அந்த உப்புதான்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். இடையிடையே உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சியோ குடிக்கலாம். இழுப்பு வந்துவிட்டால் நிழலில் உட்கார்ந்து ஓ.ஆர்.எஸ். கரைசல் குடியுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பைப் பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடன் வேலை செய்பவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்பது தவறு, கடும் உழைப்பில் வியர்த்துக்கொண்டே விழுவார்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் சோடாவோ இளநீரோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரையும் இந்தச் சூட்டைத் தணிக்காது.