நிலையான விலை ஒப்பந்தத்தில் தெரியவரும் நட்டத்தை வேலை முடியும் முன்பே பதிவது எப்படி, ஏன்

ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை 10 கோடி ரூபாய்க்குக் கட்டித் தர ஓர் ஒப்பந்ததாரர் கையெழுத்திட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை நிலையானது, கம்பியும் சிமென்டும் எவ்வளவு ஏறினாலும் கூடுதலாகக் கேட்க ஒப்பந்தத்தில் இடமில்லை. ஒப்பந்தப்புள்ளி கொடுத்தபோது 9 கோடியில் வேலை முடியும் என்று கணித்திருந்தார். முதல் நிதியாண்டு முடியும் மார்ச் 31 அன்று 4.40 கோடி செலவாகியிருக்கிறது; மிச்ச வேலைக்கு இன்னும் 6.60 கோடி வேண்டும் என்கிறார் தளப் பொறியாளர். மொத்தச் செலவு 11 கோடி ஆகிறது, கைக்கு வருவதோ 10 கோடி. இப்படி, நிறைவேற்றுவதற்கான தவிர்க்க முடியாத செலவு அதிலிருந்து கிடைக்கும் பலனை மிஞ்சிவிடும் ஒப்பந்தத்தைத்தான் கணக்கியலில் ‘ஆனரஸ் கான்ட்ராக்ட்’ என்கிறார்கள். இங்கே அதைச் சுமை ஒப்பந்தம் என்று அழைப்போம். இந்தியாவில் இதற்கான விதி இந்த் ஏஎஸ் 37 என்ற கணக்கியல் நியமத்தில் இருக்கிறது. அந்த நியமங்களைப் பின்பற்றத் தேவையில்லாத நிறுவனங்களுக்குக் கட்டுமான ஒப்பந்தங்கள் பற்றிய ஏஎஸ் 7, எதிர்பார்க்கப்படும் நட்டத்தை உடனடியாகச் செலவாகக் காட்டச் சொல்கிறது. வேலை தொடங்கவே இல்லையென்றாலும் அப்படித்தான்.

ஏன் இப்போதே?

புதிதாகக் கணக்கு படிப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அடுத்த ஆண்டு செய்யப்போகும் வேலையில் வரும் நட்டம் அடுத்த ஆண்டுக்குத்தானே சொந்தம்? ‘முன்னெச்சரிக்கைக் கோட்பாடு’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அது போதுமான பதிலாகத் தோன்றியதில்லை. ஒரு கடைக்காரருக்கு அடுத்த ஆண்டு வியாபாரம் நட்டத்தில் போகும் என்று உறுதியாகத் தெரிந்தாலும், அதற்காக இந்த ஆண்டு ஒதுக்கு, அதாவது பின்னால் ஆகப்போகும் செலவை இப்போதே பொறுப்பாகக் காட்டும் தொகை, உருவாக்க இந்த் ஏஎஸ் 37 அனுமதிப்பதில்லை. அவர் கடையை மூடிவிட்டுப் போகலாம். யாருக்கும் கடமைப்பட்டவர் அல்லர். நம் ஒப்பந்ததாரர் அப்படிப் போக முடியாது. கையெழுத்திட்ட அன்றே கடமை பிறந்துவிட்டது, மார்ச் 31 அன்று அந்தக் கடமை பலனைவிடக் கனமாகிவிட்டது. ஆகவே பதிவாவது நாளைய நட்டம் அன்று, இன்றே தலைமேல் இருக்கும் ஒரு பொறுப்பு.

போயிங் நிறுவனம் அமெரிக்க விமானப்படைக்காக 2011-இல் ஏற்ற கேசி-46 எரிபொருள் நிரப்பு விமானத் திட்டம் இதற்குப் பலரும் அறிந்த சான்று. விலைக்கு உச்சவரம்பு கட்டிய அந்த ஒப்பந்தத்தில், 2014 ஜூலையிலேயே வரிக்கு முந்தைய 42.5 கோடி டாலர் நட்டத்தை நிறுவனம் கணக்கில் ஏற்றியது. முதல் விமானம் விமானப்படையின் கைக்குப் போனதோ 2019 ஜனவரியில்தான்.

படி 1: மிச்சச் செலவைக் கணக்கிடுதல்

ஒதுக்கின் தொகை சரியாவதும் தவறாவதும் பெரும்பாலும் இந்தப் படியில்தான். கம்பி, சிமென்ட், கூலி ஆகியவை சேரும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இந்த ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் ஆகியிருக்கும், ஆனால் இந்த வேலையோடு நேரடியாகத் தொடர்புள்ள செலவுகளின் பங்கும் சேரும்: பல தளங்களில் ஓடும் கலவை இயந்திரத்தின் தேய்மானம், இரண்டு தளங்களைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளரின் சம்பளம் போன்றவை. 2022-க்கு முன்பு சில நிறுவனங்கள் கூடுதலாக ஆகும் செலவை மட்டும் எடுத்துக்கொண்டு நட்டத்தைச் சிறிதாகக் காட்டின. பிறகு வந்த திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. தலைமை அலுவலகத்தின் பொது நிர்வாகச் செலவு, ஒப்பந்தப்படி வசூலிக்கக்கூடியதாக இருந்தாலொழிய, சேராது.

தணிக்கைக்குப் போகும்போது நான் முதலில் பார்ப்பது இந்த மதிப்பீட்டுத் தாளைத்தான். ஒரு தளத்தில் மூன்று காலாண்டுகளாக ‘மொத்தச் செலவு’ என்ற கட்டத்தில் ஒரே எண் அசையாமல் நின்றது. ஆன செலவு ஏற ஏற, மிச்சச் செலவு அதே அளவுக்கு இறங்கியிருந்தது. மிச்ச வேலையை யாரும் அளந்து பார்க்கவே இல்லை. பழைய மொத்தத்திலிருந்து கழித்து எழுதியிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் கன மீட்டர் கான்கிரீட்டையும் டன் கம்பியையும் இன்றைய விலையால் பெருக்கிப் பார்த்தபோது, நட்டம் அன்று மாலையே வெளியே வந்தது.

படி 2: மிச்ச வருவாய்

ஆன செலவு மொத்தச் செலவில் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் வேலை முடிந்ததாகக் கொள்கிறோம். 4.40 கோடியை 11 கோடியால் வகுத்தால் 40%. எனவே இதுவரையிலான வருவாய் 4 கோடி, மிச்சம் 6 கோடி. அரசுத் துறையிடம் கேட்டிருக்கும், இன்னும் ஒப்புதல் வராத கூடுதல் தொகைகளை இந்த 6 கோடியோடு சேர்த்து நட்டத்தை மறைப்பது அடிக்கடி நடக்கிறது. பின்னால் திரும்பப் போகாது என்பதற்குப் பெரிதும் வாய்ப்புள்ள தொகையை மட்டுமே சேர்க்கலாம். எழுதிப் போட்ட கடிதம் மட்டும் வருவாய் ஆகாது. இன்னொரு தளத்தில் வரும் இலாபத்தை இங்கே கொண்டுவந்து ஈடுகட்டவும் கூடாது.

படி 3: விலகினால் என்ன ஆகும்?

மிச்சச் செலவு 6.60 கோடியில் மிச்ச வருவாய் 6 கோடியைக் கழித்தால் 60 லட்சம். வேலையைப் பாதியில் விட்டால், செயல்திறன் வைப்புத்தொகை 50 லட்சம் பறிபோகும். மிச்ச வேலையை வேறொருவரிடம் கொடுப்பதால் ஆகும் கூடுதல் செலவும் இவர் தலையில் விழும். இரண்டும் சேர்ந்து 1.50 கோடி என்று கொள்வோம். வேலையை முடித்தால் வரும் நட்டம், விலகினால் ஆகும் செலவு ஆகிய இரண்டில் குறைவானதே தவிர்க்க முடியாத தொகை, ஆகவே 60 லட்சம். விலகுவதற்கு 50 லட்சம் மட்டுமே ஆகும் என்றிருந்தால் ஒதுக்கும் 50 லட்சத்தோடு நின்றிருக்கும்.

படி 4: பதிவு

ஒதுக்கு உருவாக்குவதற்கு முன், இந்த வேலைக்குப் பயன்படும் சொத்துகளின் மதிப்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் அதை முதலில் எழுதித் தள்ள வேண்டும். அப்போது அவற்றின் வருங்காலத் தேய்மானம் குறைவதால் மிச்சச் செலவும் குறையும், ஒரே நட்டம் இருமுறை ஏறாது. நம் எடுத்துக்காட்டில் அப்படி எதுவும் இல்லை.

```
இலாப நட்டக் கணக்கு (சுமை ஒப்பந்த நட்டம்)   பற்று   60,00,000
    சுமை ஒப்பந்த ஒதுக்கு                   வரவு   60,00,000
```

முதலாண்டில் வருவாய் 4 கோடி, செலவு 4.40 கோடி, அதிலேயே 40 லட்சம் நட்டம் ஏறிவிட்டது. ஒதுக்கு 60 லட்சத்தையும் சேர்த்தால் முழு 1 கோடி. 40 லட்சம் ஏற்கெனவே ஏறியிருப்பதை மறந்து, 1 கோடிக்கும் ஒதுக்கு போட்டுவிடுவது தொடக்கநிலையில் நேரும் பிழை.

படி 5: அடுத்த ஆண்டு

வேலை கணித்தபடியே முடிந்தால், 6 கோடி வருவாய்க்கு எதிரே 6.60 கோடி செலவு நிற்கும். ஒதுக்கிலிருந்து 60 லட்சத்தைத் திருப்பி எடுத்தால் அந்த ஆண்டுக்கு இலாபமுமில்லை, நட்டமுமில்லை. கணித்தபடி போகாவிட்டால், ஒவ்வொரு கணக்கு முடிக்கும் நாளிலும் மிச்ச வேலையை மறுபடி அளந்து, கூடியதை அந்தக் காலத்தின் செலவாகச் சேர்த்து, குறைந்ததைத் திருப்ப வேண்டும். கடைசி மாதத்தில் கம்பி விலை இறங்கி, மொத்தச் செலவு 10.80 கோடியிலேயே முடிந்தால், மிஞ்சும் 20 லட்சம் இரண்டாம் ஆண்டின் இலாப நட்டக் கணக்கில் வரவாக வரும். முதலாண்டுக் கணக்கைத் திறந்து திருத்த வேண்டியதில்லை.